மதிய நெரிசலுக்கு எந்தத் திரை: சீட்டு வரிசையா, ஐட்டம் வரிசையா?

ஆர்டரைச் சமையலறைக்குக் கொண்டுபோகும் கே.ஓ.டி. பேப்பரை நிறுத்திவிட்டு அங்கே திரை மாட்டலாமா என்று யோசிக்கிற ஓட்டல்காரர்கள் எந்தக் கம்பெனி, எத்தனை இன்ச், டச் உண்டா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மதியம் 12:30க்கும் 2:30க்கும் இடையில் கிச்சன் ஓடுமா, முட்டுமா என்பதைத் தீர்மானிப்பது வேறு. வந்த ஆர்டர்கள் மாஸ்டர் கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகின்றன, ஒரு ஐட்டம் முடிந்ததென்று யார், எந்த நேரத்தில் தட்டிவிடுகிறார், இவை இரண்டையும் பார்த்து வாங்கினால் சாதாரண டேப்லெட்கூட உதவும். பார்க்காமல் வாங்கினால் பெரிய திரையும் சுவரில் தொங்கும் டி.வி.தான்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு ஓட்டலை மனதில் வைத்துக்கொள்வோம். வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் இருப்பது போன்ற, 60 பேர் உட்காரும் அசைவ ஓட்டல். ஒரு பக்கம் பிரியாணி, ஒரு பக்கம் சைனீஸ் அடுப்பு, அதன் அருகில் எண்ணெய்ச் சட்டியில் சிக்கன் 65 பொரிக்கிற ஹெல்பர். சாப்பிட வருகிறவர்களில் உள்ளூர்க்காரர் பாதி. மீதி, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்தவர்கள். அவர்களில் நிறையப் பேர் காரம் குறைவாகக் கேட்பார்கள், பலர் 2 மணி அப்பாயின்ட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு நடுவே பார்சல் ஆர்டர் ஆப்களிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும்.

இந்த ஓட்டலுக்கு முன்னால் மூன்று வழிகள். இப்போது இருப்பது போலவே பேப்பர் சீட்டும், அதை வாங்கிச் சத்தமாகச் சொல்ல ஒரு ஆளும். இரண்டாவது, ஒவ்வொரு சீட்டையும் ஒரு கட்டமாக, வந்த நேரப்படி அடுக்கிக் காட்டும் திரை. மூன்றாவது, எல்லா சீட்டுகளையும் கூட்டி "சிக்கன் ஃப்ரைட் ரைஸ் 4, எக் நூடுல்ஸ் 2" என்று ஐட்டம்வாரியாகக் காட்டும் திரை. பல சாஃப்ட்வேரில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, செட்டிங்கில் மாற்றினால் போதும். ஆனால் கடையில் மாட்டும்போது சீட்டு வரிசையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பேப்பரைக் குறைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கம்பியில் சொருகிய சீட்டுகளின் நீளத்தைப் பார்த்தாலே எவ்வளவு வேலை குவிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். "ரெண்டு சிக்கன் ரைஸ், மூணாவதும் சேர்த்துப் போடு மாஸ்டர்" என்று சொல்லக்கூடிய ஒரு அனுபவசாலி, சமைத்தது தட்டில் சேரும் மேடையில் நின்றால், எந்தத் திரையும் அவர் செய்கிற வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது. சிக்கல், அந்த ஆள் வராத நாளில். இன்னொன்று, தெர்மல் பேப்பர் அடுப்புச் சூட்டில் கறுத்துப்போகும், எண்ணெய்க் கை பட்டால் எழுத்து மங்கும். அதனால்தான் அடுப்புக்குப் பக்கத்தில் ரிப்பன் போட்ட பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை இன்னும் விடாமல் வைத்திருக்கிற கடைகள் உண்டு. அது அடிக்கிற சத்தமே மாஸ்டரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். பேப்பரின் மோசமான குணம் வேறு: ரோல் தீர்ந்தால் சத்தமே இல்லாமல் ஆர்டர் காணாமல் போகும். ஆர்டர் எடுத்த கேப்டன் அனுப்பிவிட்டேன் என்பார், கிச்சனில் சீட்டே வந்திருக்காது.

இனி வரிசைக்கு வருவோம். சைனீஸ் அடுப்பில் நிற்பது ஒரே மாஸ்டர். வெஜ்ஜுக்குத் தனிக் கடாய், அசைவத்துக்குத் தனிக் கடாய் என்று இரண்டு இருந்தாலும் பெரிய தீயில் கிளறுகிற கை ஒன்றுதான். ஒரு பிளேட் போட 4 நிமிடம், இரண்டு பிளேட் சேர்த்துப் போட 5, நான்கு பிளேட் என்றால் 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாஸ்டருக்கு இது கொஞ்சம் மாறும், ஒரு மதியம் வாட்ச்சை வைத்துப் பார்த்துவிடலாம். முழுக் கணக்கும் தொங்குவது ஒரே விஷயத்தில்: நான்கு பிளேட்டுக்கு ஆகும் நேரம் ஒரு பிளேட்டின் நான்கு மடங்கு அல்ல, ஒன்றரை மடங்குதான்.

1:02க்கு 4ஆம் டேபிள்: ஒரு வெஜ் ஃப்ரைட் ரைஸ், ஒரு கோபி மஞ்சூரியன். 1:03க்கு 9ஆம் டேபிள்: இரண்டு சிக்கன் ஃப்ரைட் ரைஸ். 1:04க்கு பார்சல்: ஒரு எக் நூடுல்ஸ், ஒரு சிக்கன் ஃப்ரைட் ரைஸ். 1:05க்கு 2ஆம் டேபிள்: ஒரு பிரியாணி, ஒரு சில்லி சிக்கன். 1:06க்கு 11ஆம் டேபிள்: ஒரு சிக்கன் ஃப்ரைட் ரைஸ், ஒரு சிக்கன் 65. 1:07க்கு 6ஆம் டேபிள்: ஒரு எக் ஃப்ரைட் ரைஸ், ஒரு எக் நூடுல்ஸ். கோபியையும் சில்லி சிக்கனையும் ஹெல்பர் பொரித்துக் கொடுத்துவிடுவார், மாஸ்டர் சாஸில் பிரட்டினால் போதும். கோபிக்கு 3 நிமிடம், சிக்கனுக்கு 4.

சீட்டு வரிசைத் திரையை அப்படியே பின்பற்றும் மாஸ்டர் இடமிருந்து வலமாகப் போவார். 4ஆம் டேபிள் 1:09க்கு முடியும், 9ஆம் டேபிள் 1:14க்கு. பார்சல் 1:22, 2ஆம் டேபிள் 1:26, 11ஆம் டேபிள் 1:30. கடைசியாக 6ஆம் டேபிள் 1:38க்கு. ஆர்டர் கொடுத்து அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அந்த டேபிளில் 2 மணி டோக்கன்காரர் இருந்தால் எழுந்தே போயிருப்பார். இவ்வளவு நேரத்தில் சிக்கன் ஃப்ரைட் ரைஸுக்காக மட்டும் மாஸ்டர் மூன்று தடவை கடாயைச் சூடேற்றி, மூன்று தடவை கழுவியிருக்கிறார்.

ஐட்டம் கூட்டல் தெரிகிற மாஸ்டர் என்ன செய்வார்? 1:02க்கு அவர் முன்னால் ஒரே சீட்டுதான், அதனால் வெஜ் ரைஸும் கோபியும் அப்படியே போகும், 1:09க்கு 4ஆம் டேபிள் முடியும். அப்போது திரையில் சிக்கன் ஃப்ரைட் ரைஸ் 4 என்று நிற்கிறது. நான்கையும் ஒரே வீச்சில் போட்டு 1:15க்கு இறக்கினால் 9ஆம் டேபிளும் 11ஆம் டேபிளும் ஒன்றாக முடிகின்றன, பார்சலுக்கு உரிய ஒன்று மேடையில் காத்திருக்கிறது. அடுத்தது சில்லி சிக்கன், 1:19க்கு 2ஆம் டேபிள் முடிந்தது. பிறகு இரண்டு நூடுல்ஸ் சேர்த்து, 1:24க்கு பார்சல் கட்டியாகிவிடும். கடைசியில் எக் ரைஸ், 1:28க்கு 6ஆம் டேபிள்.

மொத்தத்தில் 10 நிமிடம் மிச்சம். 11ஆம் டேபிளுக்கு 15 நிமிடம் முன்னதாகவே சாப்பாடு வந்துவிட்டது. நஷ்டப்பட்டது யார் என்றும் பார்க்க வேண்டும்: 9ஆம் டேபிளுக்கு ஒரு நிமிடம், பார்சலுக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை டெலிவரி பையன் வாசலில் நின்று கழிப்பான், அவ்வளவுதான். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கேட்க நியாயமாக இருக்கும். கடாய் முன்னால் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஒருவருக்கு ஒரு நிமிடம் காப்பாற்றிக்கொடுத்து இன்னொருவரைக் கால் மணி நேரம் உட்கார வைக்கிறோம்.

இதில் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. 1:15க்கு மாஸ்டர் நூடுல்ஸை எடுக்காமல் சில்லி சிக்கனை எடுத்தார். கூட்டலில் நூடுல்ஸ் 2, சில்லி சிக்கன் 1. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நூடுல்ஸ்தான் முதலில் போயிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் 2ஆம் டேபிள் 1:24 வரை இழுக்கும், 6ஆம் டேபிளின் நூடுல்ஸும் எக் ரைஸுக்காக மேடையில் ஆறிக்கொண்டு கிடக்கும். ஆக, கூட்டல் மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வொரு ஐட்டத்துக்குப் பக்கத்திலும் அதில் மிகப் பழைய சீட்டு எத்தனை நிமிடமாகக் காத்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். டெமோவில் இதைத்தான் நான் முதலில் கேட்பேன். சில திரைகள் இடது ஓரத்தில் கூட்டலையும் மீதி இடத்தில் சீட்டுகளையும் சேர்த்தே காட்டும், அடுப்புக்கு அதுதான் சரியான அமைப்பு.

சேர்த்துப் போடுவதற்கும் எல்லை உண்டு. கடாயில் நான்கு பிளேட்டுக்கு மேல் சாதம் விழுந்தால் சூடு இறங்கிவிடும், சாதம் வறுபடாமல் தன் ஆவியிலேயே வேக ஆரம்பிக்கும். காதுக்கே தெரியும்: சடசடவென்ற சத்தம் அடங்கி ஓரத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும், முட்டைகோஸ் துவண்டுபோகும். திரையில் 7 என்று நின்றால் 4, 3 என்று பிரித்துத்தான் போட வேண்டும். அதேபோல, திரையில் 3 நிற்கிறது, நாலாவது வரட்டும் என்று காத்திருப்பதும் கூடாது. வந்ததைச் சேர்க்கலாம், வரப்போவதற்காகக் கடாயைக் காய வைக்கக்கூடாது. நெரிசல் உச்சத்தில் யாரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். 12:30க்கு முன்னால், ஆர்டர் சொட்டுச் சொட்டாக வரும்போதுதான் இந்தச் சபலம் வரும்.

வேலூருக்கு மட்டும் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. "காரம் வேண்டாம்", "எண்ணெய் கம்மி" என்று கேப்டன் குறிப்புப் போட்ட ஃப்ரைட் ரைஸையும் சில சாஃப்ட்வேர் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தில் கூட்டிவிடும். திரையில் 4 என்று நிற்கும், அதில் ஒன்று ஆபரேஷன் முடிந்து நேற்று டிஸ்சார்ஜ் ஆனவருக்குப் போக வேண்டியது. குறிப்பு உள்ள ஐட்டம் தனி வரியாக, 3 என்றும் 1 என்றும் பிரிந்து நிற்க வேண்டும். பிரியாவிட்டால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரித் தெருக்களுக்கு அந்தத் திரை ஆகாது. குறிப்பைக் கேப்டன் டைப் அடிக்காமல் பட்டனில் தேர்ந்தெடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் அடித்தால் சாஃப்ட்வேர் ஒவ்வொன்றையும் வேறு வேறு ஐட்டமாகப் பிரித்துவிடும். அடுப்பில் நிற்பவர் ஒடிசாவோ வங்காளமோ என்றால், அவர் படிக்கிற எழுத்தில் ஐட்டத்தின் பெயர் வருமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

பிரியாணி பக்கம் இந்தக் கதையே வேறு. தம் போட்டு இறக்கிய தேக்சாவிலிருந்து அள்ளி வைக்க அரை நிமிடம். அங்கே வரிசைப்படுத்த ஒன்றுமில்லை, திரையும் வேண்டாம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, தேக்சாவில் இன்னும் எத்தனை பிளேட் இருக்கிறது, அடுத்த தம் எப்போது உடையும் என்பதுதான். பத்து பிளேட்தான் பாக்கி என்ற உடனே பில்லிங்கில் சொல்லி ஆப் ஆர்டரை நிறுத்த ஒரு ஆள் இருந்தால் போதும். ஆனால் 2ஆம் டேபிளைப் பாருங்கள். 1:05க்கு ஆர்டர், 1:06க்கு பிரியாணி டேபிளில். சில்லி சிக்கன் 1:19க்கு. சாப்பிடுகிறவர் கத்திரிக்காயையும் தயிர்ப் பச்சடியையும் தொட்டுக்கொண்டு பிரியாணியை முடித்துவிட்டு, வந்த சில்லி சிக்கனைத் திருப்பி அனுப்புவார். "இன்னா சார், தண்ணி குடிக்கறப்ப எடுத்தாறீங்க?" என்று கேட்டால் பதில் இல்லை. இதைத் தடுக்க, பிரியாணியோடு அடுப்பு ஐட்டமும் உள்ள சீட்டில், மாஸ்டர் சில்லி சிக்கனைத் தொடங்கிய பிறகுதான் பிரியாணி வரி மேடைத் திரையில் எரிய வேண்டும். சமைக்கும் நேரத்தை ஐட்டம்வாரியாகப் பதிந்து வைத்தால் இப்படி நிறுத்திக் காட்டுகிற திரைகள் இருக்கின்றன. இல்லாவிட்டால் கேப்டன் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்: சேர்த்துக் கொண்டுவரவா, முதலில் பிரியாணி வைக்கவா?

அடுத்து, முடிந்தது என்று தட்டுவது. டச் ஸ்கிரீனை எண்ணெய்க் கையால் தொட்டால் ஒன்று எடுக்காது, இல்லை பக்கத்துச் சீட்டு போய்விடும். அதற்காகவே கீழே வைக்கும் பெரிய பட்டன்கள் கொண்ட பம்ப் பார் கிடைக்கிறது. அடுப்படிக்கு அதை வாங்குங்கள், டச்சை மேடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவறித் தட்டினால் திரும்ப வரவழைக்கும் பட்டன் எது என்று ஹெல்பர் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் தட்டுவதில் பெரிய தில்லுமுல்லு வேறு இடத்தில் நடக்கும். சீட்டு 8 நிமிடத்தில் மஞ்சள், 15 நிமிடத்தில் சிவப்பு என்று நிறம் வைத்து, மாதக் கடைசியில் முதலாளி சராசரி நேர ரிப்போர்ட்டைப் பார்த்து மாஸ்டரைக் கேள்வி கேட்டால், அடுத்த மாதத்திலிருந்து ரிப்போர்ட் அழகாகிவிடும். கடாயில் போடும்போதே தட்டிவிடுவார்கள். திரையில் காலி, மேடையிலும் காலி, டேபிளில் ஆள் காத்திருப்பார். கண்டுபிடிப்பது சுலபம்: சப்ளையர் திரையைப் பார்க்காமல் "மாஸ்டர், ஒம்போது என்னாச்சு?" என்று வாயால் கேட்க ஆரம்பித்தால் திரை பொய் சொல்கிறது என்று அர்த்தம். அதனால் இரண்டு கட்டமாக வைப்பது நல்லது. அடுப்பில் மாஸ்டர் தட்டுவது "இறக்கிவிட்டேன்" என்று மட்டும். சீட்டு மொத்தமாக மறைவது, மேடையில் நிற்பவர் எல்லா ஐட்டமும் தட்டில் சேர்ந்ததைப் பார்த்துத் தட்டும்போது. ரிப்போர்ட் எடுப்பதானால் இந்த இரண்டாவது நேரத்தை மட்டும் எடுங்கள். நெரிசலில் எல்லாமே சிவப்பாக நின்றால் அந்த நிறத்தால் பயன் இல்லை, மதியத்துக்கு எல்லையைத் தள்ளி வையுங்கள். "அவசரம்" என்று கேப்டன்கள் போடும் குறியும் அப்படித்தான். ஆளாளுக்குப் போட்டால் எதுவும் அவசரமில்லை. மேடை ஆளுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுங்கள்.

கரண்ட், நெட் பற்றிச் சுருக்கமாக. திரைக்கு யு.பி.எஸ். கொடுத்துவிட்டு ரவுட்டரை மறந்தால் கரண்ட் போனதும் திரை மட்டும் எரியும், ஆர்டர் வராது. இரும்பு ஹூட்டும் எஃகு மேடையும் நிறைந்த கிச்சனில் வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். இன்டர்நெட் இல்லாதபோதும் பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து திரைக்கு ஆர்டர் போகுமா என்பதை, விற்பவர் வாயால் சொல்லக் கேட்காமல் நெட் வயரைப் பிடுங்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். திரையை அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். ஆவியும் எண்ணெய்ப் புகையும் படியும், வேலூர் மே மாதத்தில் சூடும் சேர்ந்துகொள்ளும். பக்கவாட்டில், கண் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு திரையில் எத்தனை சீட்டு அடங்கும் என்றும் கேளுங்கள். எட்டுதான் அடங்கும் என்றால் ஒன்பதாவது அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், மாஸ்டருக்கு அது இருப்பதே தெரியாது. பேப்பர் கம்பியில் இந்தக் குறை கிடையாது. ஐட்டம் கூட்டலில் ஒன்பதாவதும் சேர்ந்தே தெரியும் என்பதால், அந்த முறைக்கு இது இன்னொரு காரணம்.

இந்த 60 பேர் ஓட்டலுக்கு நான் சொல்வது: சைனீஸ் அடுப்புக்கு, நிமிடத்தோடு கூடிய ஐட்டம் கூட்டல் திரை ஒன்று, பம்ப் பாரோடு. மேடைக்கு சீட்டு வரிசைத் திரை ஒன்று, ஏனென்றால் தட்டு சேர்க்கிறவருக்கு டேபிள்தான் முக்கியம், ஐட்டம் அல்ல. பிரியாணிக்குத் திரை இல்லை. பார்சல் கட்டும் இடத்தில் பேப்பர் பிரின்டர் அப்படியே இருக்கட்டும். பையில் ஒட்ட எப்படியும் சீட்டு வேண்டும், திரை நின்றுபோனால் அதே பிரின்டரை அடுப்புக்குத் திருப்பிவிடலாம். பிரியாணியும் மீல்ஸும் மட்டும் போகிற 30 பேர் கடையா? பேப்பரே போதும், அந்தப் பணத்தில் மேடைக்கு நல்ல ஆளைப் போடுங்கள். தோசைக் கல் ஓடும் சைவ ஓட்டல் என்றால் கல்லுக்கும் இதே கூட்டல் திரைதான், கடாய்க்கு நான்கு பிளேட் என்பது போலக் கல்லுக்கு எத்தனை தோசை என்று எல்லை மட்டும் மாறும்.

வாங்கும் முன் டெமோவுக்கு வருகிறவரிடம் அவர் கொண்டுவரும் மாதிரி ஆர்டரை ஓட்டச் சொல்லாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை 1 மணியிலிருந்து 1:15 வரைக்குமான உங்கள் சொந்த பில்களை எடுத்து, அதே இடைவெளியில் அடிக்கச் சொல்லி, மாஸ்டரைத் திரை முன்னால் நிறுத்துங்கள். நடுவில் ஒரு ஐட்டத்தைக் கேன்சல் செய்யுங்கள், ஒரு ரைஸைக் காரம் குறைவு என்று மாற்றுங்கள். அந்த மாற்றம் பளிச்சென்று தெரிகிறதா, இல்லை எண் மட்டும் ஓசையில்லாமல் மாறுகிறதா என்று மாஸ்டரையே கேளுங்கள். மாட்டுவது என்றால் செவ்வாயோ புதனோ மாட்டுங்கள். முதல் சில நாள் பேப்பரும் சேர்ந்து ஓடட்டும், ஆனால் அது மேடையில் மட்டும். அடுப்புக்கும் இரண்டும் போனால் ஒரே ஆர்டரை மாஸ்டர் இரண்டு தடவை போட்டுவிடுவார்.